பால்கனி டைல்ஸில் மண் தொட்டி விட்டுப்போன வட்டக் கறை: வெள்ளையும் பழுப்புமாக இருக்கிறது, எதிலிருந்து தொடங்குவது?

மல்லிகைப்பந்தல்:
எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரத்தில் இந்த வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும். பால்கனியில் இருந்த 11 மண் தொட்டிகளை நேற்று நகர்த்தினேன். மூன்று வருடமாக ஒரே இடத்தில் இருந்தவை. ஒவ்வொன்றின் கீழும் அச்சு வைத்தது போல ஒரு வட்டம். வெளி ஓரம் வெள்ளை, அதை ஒட்டி உள்பக்கம் மெல்லிய பழுப்புக் கோடு. வட்டத்தின் நடுப்பகுதி மட்டும் சுத்தமாகவே இருக்கிறது.

சாம்பல் நிற டைல்ஸ், வழவழப்பு இல்லாத மேட் வகை. பாத்திரம் தேய்க்கும் திரவமும் பிரஷும் போட்டுத் தேய்த்தேன், அசையவில்லை. வினிகரில் துணியை நனைத்துத் துடைத்தேன். ஈரமாக இருந்தபோது வெள்ளை காணாமல் போனது, போய்விட்டது என்றே நினைத்தேன். காய்ந்ததும் அப்படியே திரும்பி வந்துவிட்டது. பழுப்பு எதற்குமே அசையவில்லை. ஒரு தொட்டி இரண்டு டைல்ஸ் சேரும் இடுக்கின் மேல் இருந்தது, அங்கே இடுக்கு முழுக்கக் கறுத்திருக்கிறது. வீட்டுக்காரர் பார்ப்பதற்குள் சரிசெய்ய வேண்டும். எதில் தொடங்கலாம்?

கரிசல்காடு:
இதுக்கு ஏங்க இவ்வளவு யோசனை. கழிவறை கழுவற ஆசிட்டை அப்படியே ஊத்தி பத்து நிமிஷம் விடுங்க. நுரை பொங்கும். தேய்ச்சுக் கழுவினா வெள்ளை மொத்தமும் போயிடும். எங்க மொட்டைமாடியில நான் அப்படித்தான் செஞ்சேன், ஒரு வட்டம்கூட மிச்சமில்லை.

வேணி:
மல்லிகைம்மா, மண் தொட்டின்னா வெள்ளை பூக்கத்தான் செய்யும், அது கெட்ட அறிகுறி இல்ல. நான் ஒரு பெரிய வாளியில ஒரு பங்கு வினிகர், நாலு பங்கு தண்ணி ஊத்தி தொட்டியை அரை மணி நேரம் முக்கி வச்சிடுவேன். அப்புறம் தென்னைநார் பிரஷ்ல தேய்ச்சு, நல்ல தண்ணியில ஒரு நாள் ஊறவிட்டுக் காய வைப்பேன். செடி இருக்கறப்ப செய்யாதீங்க, வேர் பாழாயிடும்.

மல்லிகைப்பந்தல்:
வேணி அக்கா, நன்றி. நான் கேட்டது தொட்டிக்கு இல்லை, அது இருந்த தரைக்கு. ஆனாலும் இந்த யோசனையைக் குறித்துக்கொண்டேன், தொட்டிகளின் வெளிப்புறமும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

வேணி:
அட, தலைப்பை சரியா படிக்காம எழுதிட்டேன். ஆனா ரெண்டும் ஒரே உப்புதானே? தொட்டியில இருக்கறதுதான் தரைக்கு இறங்கியிருக்கு.

டைல்ஸ்மேஸ்திரி:
வேணி அம்மா சொன்ன கடைசி வரிதான் விஷயமே. இருபது வருடமாக டைல்ஸ் பதிக்கிறேன், பழைய தரையைச் சுத்தம் செய்து தருவதும் என் வேலை. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

ஏன் நடுவில் கறை இல்லாமல் ஓரத்தில் மட்டும் வட்டமாக நிற்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் மற்றது சுலபம். சுட்ட மண்ணில் நுண்துளைகள் உண்டு. ஊற்றும் தண்ணீர் அதன் வழியே கசிந்து அடிப்பக்கம் வருகிறது. தொட்டிக்கு நேர் கீழே காற்று போகாது, அதனால் அங்கே ஈரம் காயாமலே கிடக்கும். காற்று படும் இடம் தொட்டியின் அடி விளிம்பு மட்டும்தான். தண்ணீர் அங்கே வந்துதான் ஆவியாகிறது. கூடவே கொண்டுவந்ததை எல்லாம் அந்தக் கோட்டில் விட்டுவிட்டுப் போகிறது. தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு, உரத்தின் உப்பு, மக்கிய இலையிலிருந்தும் தேங்காய் நாரிலிருந்தும் இறங்கும் பழுப்புச் சாறு எல்லாம் அங்கேதான் சேரும். மூன்று வருடம் தினமும் நடந்தால் மேலே மேலே படிந்து கல்லாக இறுகிவிடும்.

அதாவது உங்களிடம் இருப்பது ஒரு கறை இல்லை, இரண்டு. வெள்ளை வேறு, பழுப்பு வேறு. ஒன்றுக்கான மருந்து மற்றதற்குக் கேட்காது.

எதையும் ஊற்றுவதற்கு முன் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். தரை நன்றாகக் காய்ந்திருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு வட்டத்தின் மேல் நகத்தை ஓட்டுங்கள். மேடு தட்டுகிறதா, சமமாக இருக்கிறதா, சற்றுப் பள்ளமா? பிறகு வெள்ளையை நகத்தால் லேசாகச் சுரண்டி, அதன்மேல் வினிகர் ஒரு சொட்டு விட்டுக் குனிந்து பாருங்கள். பொடிக் குமிழி வருகிறதா? மூன்றாவது, கறை இல்லாத ஒரு மூலையிலும் அதே சொட்டை விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் மங்கினாலோ குமிழி வந்தாலோ மேற்கொண்டு எந்த அமிலமும் வேண்டாம், அது சுண்ணாம்புக் கல் சேர்ந்த தரை.

கரிசல் சொன்ன ஆசிட்டைப் பற்றி: அமிலம் என்ற வழி சரி, அந்த அமிலம் சரியில்லை. வெள்ளையைக் கரைக்கிற வேகத்தில் டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டையும் கரைக்கும். அதன் புகை பட்டால் பால்கனிக் கம்பியில் துரு ஏறும், அந்தத் துரு வடிந்து புதுக் கறையாகும். பழுப்புக்கும் அது பெரிதாக உதவாது.

கரிசல்காடு:
எனக்கு ஒண்ணும் ஆகலையே அண்ணே. ரெண்டு வருஷமாச்சு, டைல்ஸ் பளபளன்னு இருக்கு.

டைல்ஸ்மேஸ்திரி:
டைல்ஸுக்கு ஆகாது தம்பி, கிளேஸை அந்த ஆசிட் சுலபத்தில் தொடாது. டைல்ஸைப் பார்க்காதீர்கள், நடுவில் இருக்கும் கோட்டைப் பாருங்கள். ஆசிட் ஊற்றிய இடத்தில் இடுக்கை ஒரு சாவி முனையால் கீறி, ஊற்றாத இடத்திலும் கீறி, இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

நீலச்சங்கு:
இதே பிரச்சனைதான் எனக்கும், ஆனால் பளிங்குத் தரை. இணையத்தில் படித்துவிட்டு எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்து வட்டங்களைத் தேய்த்தேன். வெள்ளைப் படிவு போய்விட்டது. ஆனால் தேய்த்த இடமெல்லாம் பளபளப்பு போய், பழைய வட்டத்தைவிடப் பெரிய மங்கலான வட்டங்கள் தெரிகின்றன. எதைப் போட்டுக் கழுவினாலும் மாறவில்லை. இது என்ன கறை?

டைல்ஸ்மேஸ்திரி:
அது கறை இல்லைங்க, அதனால்தான் கழுவிப் போகவில்லை. தொட்டியிலிருந்து வந்த வெள்ளையும் பளிங்கும் வேதியியலில் ஒரே பொருள், இரண்டும் சுண்ணாம்புக் கார்பனேட். எலுமிச்சைக்கு எது படிவு, எது தரை என்று தெரியாது. படிவை முடித்துவிட்டுக் கல்லையும் கொஞ்சம் தின்றிருக்கிறது. மேல்மெருகு போன கல்லை மறுபடி மெருகேற்றுவதுதான் வழி. பளிங்குக்கென்று வரும் மெருகுப் பொடியை ஈரத் துணியில் தொட்டு ஒரு சின்ன வட்டத்தில் முயன்று பாருங்கள். விரலால் தடவினால் சொரசொரப்பாகத் தெரியும் அளவுக்கு அரித்திருந்தால் மெஷின் வைத்துத்தான் தேய்க்க வேண்டும். மொசைக் தரைக்கும் இதே கதைதான், அதில் இருப்பதும் சிமெண்டும் பளிங்குச் சில்லும்.

மல்லிகைப்பந்தல்:
மேஸ்திரி ஐயா, பார்த்துவிட்டேன். அடையாளத்துக்கு வட்டங்களுக்கு எண் போட்டிருக்கிறேன்.

கறை இல்லாத மூலையில் வினிகர் எதுவும் செய்யவில்லை. 10 வட்டங்களில் நகம் நன்றாகத் தட்டுகிறது, சுரண்டிய இடத்தில் குமிழியும் வந்தது. 4ஆம் எண்ணில் மட்டும் மேடும் இல்லை, குமிழியும் இல்லை. மங்கலாக ஒரு வட்டம், அவ்வளவுதான். அந்தத் தொட்டியைத்தான் வெயிலுக்காக அடிக்கடி திருப்பி வைப்பேன். 7ஆம் எண்ணில் பழுப்பு என்பதைவிடக் கருநீலம் போல இருக்கிறது, அது இரும்பு வளையத் தாங்கியின் மேல் இருந்த தொட்டி. இடுக்கின் மேல் இருப்பது 9.

ஈரத்தில் வெள்ளை மறைந்து காய்ந்ததும் வருவது ஏன் என்றும் சொல்லுங்களேன், அதுதான் என்னை ஏமாற்றியது.

டைல்ஸ்மேஸ்திரி:
நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். படிவின் துகள்களுக்கு இடையே காற்று இருக்கிறவரை வெளிச்சம் சிதறி வெள்ளையாகத் தெரியும். தண்ணீர் அந்த இடைவெளியை நிரப்பினால் கண்ணாடி போல ஆகிவிடும். அதனால் ஈரத்தில் எந்த முடிவுக்கும் வராதீர்கள், முழுக்கக் காய்ந்த பிறகுதான் போனதா இல்லையா என்று தெரியும். உங்கள் வினிகர் தப்பான மருந்து இல்லை. துடைத்துவிட்டு எடுத்துவிட்டீர்கள், அது வேலை செய்ய நேரமே கொடுக்கவில்லை.

வெள்ளையை முதலில் எடுங்கள். பழுப்பின் பெரும்பகுதி அந்தச் சுண்ணாம்புக்குள்ளேயே சிக்கியிருக்கிறது. மேலே ஓடு இருக்கும்வரை பழுப்புக்கான மருந்து உள்ளே போகாது.

தண்ணீர் படுவதற்கு முன்பே, காய்ந்த நிலையில், பிளாஸ்டிக் சுரண்டியால் வருவதையெல்லாம் சுரண்டி, பொடியைக் கூட்டி அள்ளிவிடுங்கள். முதலிலேயே நனைத்தால் தண்ணீரில் கரையும் உப்பு திரும்ப இடுக்குக்குள் இறங்கி, காய்ந்ததும் வேறு இடத்தில் பூக்கும். கத்தியும் கம்பி நாரும் வேண்டாம். மேட் டைல்ஸில் கம்பி நார் கறுப்புக் கோடு விடும், உதிர்ந்த தூள் துருவாகும்.

பிறகு 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் பொடி, அதாவது எலுமிச்சை உப்பு, கரைத்துக்கொள்ளுங்கள். குவியாத பெரிய கரண்டியில் நான்கு வரும். வட்டத்தைச் சுற்றியுள்ள இடுக்குகளை முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக நனையுங்கள், ஏற்கெனவே தண்ணீர் குடித்த சிமெண்ட் அமிலத்தை அவ்வளவாக உறிஞ்சாது. மெல்லிய காகிதக் கைக்குட்டையைக் கயிறு போல முறுக்கி, கரைசலில் தோய்த்து, வட்டத்தின் மேலேயே வளைத்து வையுங்கள். 15 நிமிடம். காய்வது போலத் தெரிந்தால் மேலும் கொஞ்சம் கரைசல் விடுங்கள். எடுத்துவிட்டு நைலான் பிரஷால் தேய்த்து, அழுக்குத் தண்ணீரைப் பரவ விடாமல் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். மூன்று வருடப் படிவு ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று தடவை வைக்க வேண்டியிருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இதை முடித்துக் காயவைத்து, நகம் தட்டவில்லை என்று உறுதியான பிறகு பழுப்பைப் பேசலாம்.

இலைச்சருகு:
பழுப்புக்கு பிளீச்சிங் பவுடர் போதுமே. நான் தொட்டிக் கறைக்கு எப்போதும் அதுதான். இப்போதே வெள்ளைக்கும் சேர்த்துப் போட்டால் ஒரே வேலையாக முடியும்.

டைல்ஸ்மேஸ்திரி:
சேர்த்துப் போடுவது மட்டும் கூடவே கூடாது. பிளீச்சிங் பவுடரும் எந்த அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். வினிகரோ சிட்ரிக்கோ, மென்மையான அமிலம் என்பதால் விலக்கு இல்லை. மூடிய பால்கனியில் குனிந்து தேய்த்துக்கொண்டிருக்கும் ஆளின் மூச்சில் அது நேராகப் போகும். இன்று அமிலம் போட்ட இடத்தில் சரியாகக் கழுவாமல் நாளை பிளீச் போட்டாலும் அதே ஆபத்து உண்டு.

தனியாகப் போட்டால் பாசிக்கும் இலைச்சாற்றுக் கறைக்கும் பிளீச் வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. ஆனால் துருவை எடுக்காது. பிளீச்சிங் பவுடரிலேயே சுண்ணாம்பு இருப்பதால், வெள்ளையை எடுத்த இடத்தில் புது வெள்ளையை விட்டுப்போகும். அதனால் நான் ஹைட்ரஜன் பெராக்சைடைத்தான் கையில் எடுப்பேன்.

வேணி:
ஒண்ணுமே போடாம வெயில்ல விட்டாலும் பழுப்பு மங்கும்மா. எங்க வீட்டு வாசல் படியில இருந்த இலைக்கறை ஒரு கோடையில தானா போச்சு.

டைல்ஸ்மேஸ்திரி:
உண்மைதான் அம்மா, இலைச்சாற்றுக் கறை வெயிலிலும் மழையிலும் மங்கும். ஆனால் இவருக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.

மல்லிகைப்பந்தல்:
எங்கள் பால்கனி நிழல் வேறு. சரி, இரண்டு நாள் வேலையின் நிலவரம்.

சுரண்டியதிலேயே கால்வாசி வந்துவிட்டது. முதல் வட்டத்தில் ஒரு தவறு செய்தேன். காகிதத்தை வைத்துவிட்டு உள்ளே போனவள் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தேன். எல்லாம் காய்ந்து, பழைய வட்டத்தைவிட அகலமாக மாவு பூசியது போல வெள்ளைப் பூச்சு. பயந்துவிட்டேன். மறுபடியும் புதுக் கரைசலை விட்டுத் தேய்த்ததும் அது போய்விட்டது. அடுத்த வட்டங்களில் கடிகாரம் வைத்துக்கொண்டே செய்தேன். பெரும்பாலானவை இரண்டு தடவையில் முடிந்தன, இரண்டு மட்டும் நான்கு தடவை கேட்டன. இப்போது காய்ந்த பிறகும் வெள்ளை இல்லை, நகமும் தட்டவில்லை. பழுப்பு முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது, கொஞ்சம் பரவியிருப்பது போலவும் இருக்கிறது.

டைல்ஸ்மேஸ்திரி:
கரைந்த சுண்ணாம்பு சிட்ரிக்கோடு சேர்ந்து இன்னொரு வெள்ளை உப்பாகக் காய்ந்திருக்கிறது. அதனால்தான் காயவிடக் கூடாது என்றேன். பழுப்பு பரவவில்லை, மேலே இருந்த மூடி போனதால் தெரிகிறது.

இனி 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை எடுத்து, சமையல் சோடாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்துக்கொள்ளுங்கள். பழுப்புக் கோட்டின் மேல் விரல் கனத்துக்குப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களை ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாளை எடுத்துவிட்டு, கலவை தானாகக் காயும்வரை காத்திருங்கள். காயும்போதுதான் துளைக்குள் இருப்பதை வெளியே இழுக்கும். பிறகு சுரண்டிக் கழுவலாம். மீந்த கலவையைப் பாட்டிலில் அடைத்து வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். 7ஆம் எண்ணில் இதைப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், அதற்கு வேறு வழி.

கரிசல்காடு:
அண்ணே, நீங்க சொன்னபடி சாவியால கீறிப் பார்த்தேன். ஆசிட் ஊத்தாத பக்கம் கோடு விழவே இல்லை. ஊத்தின பக்கம் மணல் மாதிரி உதிருது, ரெண்டு இடத்துல இடுக்கு பள்ளமாவே இருக்கு. மழை பெஞ்சா கீழ் வீட்டு கூரையில ஈரம் தெரியுதுன்னு போன மாசம் சொன்னாங்க. அதுக்கும் இதுதான் காரணமா?

டைல்ஸ்மேஸ்திரி:
இருக்கலாம், ஆனால் இடுக்கு மட்டும்தான் என்று இங்கிருந்தபடி சொல்ல மாட்டேன். கீழே இறங்கினால் அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சும் விட்டிருக்கலாம். உதிரும் இடுக்கையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். அதற்குப் பிறகும் ஈரம் வந்தால் ஆள் வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

மல்லிகைப்பந்தல்:
பெராக்சைடு எட்டு வட்டங்களில் வேலை செய்துவிட்டது. ஐந்தில் ஒரே இரவு, மூன்றில் இரண்டு இரவு. எங்கே இருந்தது என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது. மிச்சம் 4, 7, 9.

டைல்ஸ்மேஸ்திரி:
7 என்பது துருவும் இலைச்சாறும் கலந்த கறை. இரண்டும் சேர்ந்தால் மை போலக் கறுக்கும், பழைய காலத்து எழுதும் மையே அந்தக் கலவைதான். அதற்கு ஆக்சாலிக் ஆசிட். 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் 5 கிராம், அதே காகித முறை, 20 நிமிடம். இது விஷம். கையுறை கட்டாயம், குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது, பொடியைக் கொட்டும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் மூன்று தடவை கழுவுங்கள்.

வெள்ளை இருக்கும்போதே இதைச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. ஆக்சாலிக் சுண்ணாம்பைத் தொட்டால் வெள்ளையாக ஒரு பூச்சு படியும், அதை வினிகரும் சிட்ரிக்கும் கரைக்காது. நிறைய பேர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

9இல் கறுத்திருப்பது சிமெண்ட் என்பதால் அமிலம் வேண்டாம். பெராக்சைடு கலவையையே இடுக்கில் இரண்டு இரவு வையுங்கள். மேல் கறுப்பு போகும், ஆழத்தில் இறங்கியது போகாது. அப்போது ஒரு சாண் நீளத்துக்குச் சுரண்டி, அதே நிறத்தில் நிரப்பிவிடுவது நல்லது.

இலைச்சருகு:
4ஆம் எண் தேய்மானம் என்று நினைக்கிறேன். தொட்டியைத் திருப்பித் திருப்பி வைத்ததில் அடியில் சிக்கிய மணல் டைல்ஸை உரசியிருக்கும். என் வீட்டில் அப்படித்தான் ஆனது. அதற்கு மருந்து கிடையாது.

டைல்ஸ்மேஸ்திரி:
நீங்கள் சொல்வதற்கு வாய்ப்பு அதிகம். ஆனால் சில தண்ணீரில் சிலிக்கா இருக்கும், அதன் மெல்லிய படலமும் அமிலத்துக்குக் கரையாமல், மேடும் தட்டாமல் இதே போல மங்கலாகத் தெரியும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். வளைவான கீறல்கள் தெரிந்தால் தேய்மானம்.

மல்லிகைப்பந்தல்:
7 போய்விட்டது. காகிதத்தை எடுத்தபோதே மஞ்சளாக இறங்கியிருந்தது. இடுக்கு பாதி வெளுத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சுரண்டி நிரப்பப் போகிறேன்.

4இல் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மெல்லிய வளைகோடுகள் தெரிகின்றன, மறுபக்கம் ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு மங்கல். இதை வைத்து என்ன முடிவு எடுப்பது என்று தெரியவில்லை. வீட்டுக்காரரிடம் அதை மட்டும் காட்டிச் சொல்லிவிடுகிறேன்.

புது வீட்டில் எல்லாத் தொட்டிக்கும் அடியில் தட்டு வைத்துவிடலாம் என்றிருக்கிறேன், சரிதானே?

வேணி:
தட்டு வச்சா போதும்மா, நான் மண் தட்டுதான் வச்சிருக்கேன்.

டைல்ஸ்மேஸ்திரி:
மண் தட்டும் கசியும் அம்மா. ஒருநாள் தட்டை நகர்த்திப் பாருங்கள், தட்டின் அளவுக்கு ஒரு பெரிய வட்டம் இருக்கும். என்னைக் கேட்டால் மூன்று சின்னக் கட்டைகள் வைத்துத் தொட்டியை இரண்டு சென்டிமீட்டர் தூக்கிவிடுவேன், அடியில் காற்று ஓடினால் ஓரத்தில் கோடு கட்டாது.

இலைச்சருகு:
கட்டை வைத்தால் வழியும் தண்ணீர் நேராகத் தரைக்கு வந்து, ஒரு வட்டத்துக்குப் பதில் பால்கனி முழுக்கப் பழுப்புத் தடம். கசியாத தட்டு, அதற்குள் கட்டை, அதன்மேல் தொட்டி, நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வேணி:
மேஸ்திரி தம்பி, இப்பத்தான் என் தட்டை நகர்த்திப் பார்த்தேன். நீங்க சொன்ன மாதிரியே பெரிய வட்டம். நகம் தட்டுது. எங்களது மொசைக் தரை. நீங்க மேலே நீலச்சங்குக்கு எழுதினதைப் படிச்சதால வினிகரை எடுத்த கையோட கீழ வச்சிட்டேன். அமிலம் இல்லாம இதை எப்படி எடுக்கறது?

டைல்ஸ்மேஸ்திரி:
நல்ல வேளை வைத்துவிட்டீர்கள். மொசைக்கில் காய்ந்தபடியே பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாகச் சுரண்டுங்கள். சுரண்டி முடித்த பிறகு மிச்சத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். எவ்வளவு கனம் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல முடியும்.